பென்சில் பகடையும் இருபத்தைந்து கட்டமும்

ஒரு பெஞ்சில் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்திருக்கும் ஏழாம் வகுப்பு. ஐம்பது பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியர். பின்னம், தசமம், சதவீதம் மூன்றையும் தேர்வுக்கு முன் திருப்புதல் செய்ய வேண்டும். கரும்பலகையில் கணக்கைப் போட்டுக் கேட்டால் முன்வரிசையில் நாலைந்து கைகள்தான் எழும். மற்றவர்கள் விடையைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். யாருக்கு எது புரியவில்லை என்பது விடைத்தாள் திருத்தும்போதுதான் தெரியும். ஒரு தாளும் ஒரு பகடையும் இருந்தால் இதைக் கொஞ்சம் முன்னதாகவே தெரிந்துகொள்ளலாம்.

முதலில் பகடை. கடையில் வாங்கும் பகடை நெருக்கமான வகுப்புக்கு ஒத்துவராது. பெஞ்சுக்கு அடியில் உருண்டு போகும், அதைத் தேடி நாலு பேர் குனிவார்கள், பாதிப் பாடவேளை அங்கேயே கழியும். அட்டையில் ஒட்டிச் செய்த பகடை இரண்டு நாளில் நசுங்கிவிடும். தாயக்கட்டைக்கு நான்கு பக்கம்தான். எல்லாருடைய பையிலும் இருக்கும் ஆறு பட்டைப் பென்சில் போதும். பெயர் எழுதுவதற்காகப் பிள்ளைகள் பென்சில் நுனியில் பெயின்ட்டைச் சுரண்டுவார்களே, அதேபோல ஆறு பட்டையிலும் சுரண்டி 1 முதல் 6 வரை எழுதிவிட வேண்டும். மூடிய நோட்டின் மேல் உருட்டினால் சத்தம் வராது. மேலே தெரியும் பட்டையில் உள்ள எண்தான் கணக்கு. உருண்டைப் பென்சிலும் முக்கோணப் பென்சிலும் இதற்கு உதவாது.

அடுத்தது கட்டம். தாளில் ஐந்துக்கு ஐந்தாக இருபத்தைந்து கட்டம் போட்டு, கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து இப்படி நிரப்ப வேண்டும்:

0.5 | 20% | 0.75 | 33⅓% | 1.0
40% | 0.166… | 60% | 0.25 | 80%
0.666… | 100% | 0.50 | 16⅔% | 0.2
25% | 0.8 | 83⅓% | 0.4 | 66⅔%
0.333… | 75% | 0.6 | 50% | 0.833…

பென்சிலை இரண்டு முறை உருட்ட வேண்டும். சின்ன எண் மேலே தொகுதியாகவும் பெரிய எண் கீழே பகுதியாகவும் வரும். இரண்டும் ஒன்றாக விழுந்தால் அது முழு 1. இப்படி எத்தனை முறை உருட்டினாலும் பன்னிரண்டு மதிப்புகளில் ஒன்றுதான் கிடைக்கும். ஒவ்வொன்றும் கட்டத்தில் தசமமாக ஒருமுறை, சதவீதமாக ஒருமுறை இருக்கிறது. அரைக்கு மட்டும் 0.50 என்று கூடுதலாக ஓர் இடம். 1/2, 2/4, 3/6 மூன்றும் அரைதான் என்பதால் அது அடிக்கடி விழும். 0.5-ம் 0.50-ம் ஒன்றா என்ற சந்தேகத்தையும் அந்தக் கட்டம் கிளப்பிவிடும்.

கிடைத்த பின்னத்தைத் தசமமாகவும் சதவீதமாகவும் மாற்றி எழுதிக் காட்டிவிட்டு, இரண்டில் ஒரு கட்டத்தைப் பிடிக்கலாம். எந்தத் திசையிலாவது அடுத்தடுத்து மூன்று கட்டம் பிடிப்பவர் வென்றவர். பெஞ்சில் இருவர் ஆட, மூன்றாமவர் நடுவர். ஆட்டத்துக்கு ஆட்டம் நடுவர் மாறுவார். தப்பாகச் சொன்னால் எதிராளி சரியாகச் சொல்லி அந்த இடத்தைப் பறித்துக்கொள்ளலாம். பார்த்து எழுதும் பழக்கம் இந்த விதியில் பெரும்பாலும் அடிபட்டுப் போகும். பக்கத்தில் இருப்பவரின் தப்பைக் கண்டுபிடித்தால் லாபம் என்றால் யார்தான் கவனிக்க மாட்டார்கள்!

ஓர் ஆட்டத்தைப் பார்ப்போம். சிறுமிக்கு 4, 2 விழுகிறது. 2/4 என்றால் அரை. நடுவில் இருக்கும் 0.50-ஐப் பிடிக்கிறாள். பையனுக்கு 1, 5. "ஒன்று கீழ் ஐந்து, பூஜ்ஜியம் புள்ளி ஐந்து" என்று முதல் கட்டத்தில் பேனாவை வைக்கிறான். நடுவர் கேட்கிறாள்: "டேய், ஒரு கிலோவை அஞ்சு பேருக்குப் பங்கு போட்டா ஒருத்தருக்கு எவ்வளவு?" "இருநூறு கிராம்." "அப்போ 0.5 கிலோ?" அவன் பேனாவை எடுத்துவிடுகிறான். சிறுமி 1/5 = 2/10 = 0.2 = 20% என்று எழுதி, 0.2-ஐப் பிடிக்கிறாள். அவளுடைய இரண்டு கட்டங்களுக்கும் நடுவே இருப்பது 16⅔%. எது விழுந்தால் அது கிடைக்கும்? இப்போது கணக்கு தலைகீழாக ஓட வேண்டும். நூறில் 16⅔ எத்தனை முறை அடங்கும்? ஆறு முறை. ஆக 1-ம் 6-ம் விழ வேண்டும். முப்பத்தாறு வாய்ப்புகளில் அதற்கு இரண்டுதான். அரைக்கோ ஆறு. நாலைந்து ஆட்டம் ஆடிய பிள்ளைகள் அரைக் கட்டங்களை ஒட்டியே இடம் பிடிக்கப் பார்ப்பார்கள்.

பையன் செய்த தப்பை ஆசிரியர் தனியாகக் குறித்துக்கொள்வது நல்லது. 1/5-ஐ 5% என்று சொல்பவர் கட்டத்தில் 5% இல்லாததைப் பார்த்துத் தானே திருத்திக்கொள்வார். 3/4-ஐ 3.4 என்பவரும் அப்படியே. ஆனால் கீழே உள்ள எண்ணை அப்படியே புள்ளிக்குப் பின்னால் தூக்கி வைப்பவரை இந்தக் கட்டம் காட்டிக்கொடுக்காது. 1/2-ஐ 0.2 என்றால் 0.2 இருக்கிறது. 1/4-ஐ 0.4 என்றால் அதுவும் இருக்கிறது. 1/5-க்கு 0.5-ம் 1/6-க்கு 0.6-ம் அவ்வாறே. எதிராளிக்கும் நடுவருக்கும் அதே குழப்பம் இருந்தால், மூவரும் சேர்ந்து தப்பை மகிழ்ச்சியாக உறுதிப்படுத்திக்கொள்வார்கள். அதனால்தான் ஒவ்வொரு முறையும் தாளில் ஒரு வரி எழுத வேண்டும் என்ற விதி. ஆட்டம் முடிந்ததும் தாள்களை வாங்கி, தொகுதியில் 1 உள்ள வரிகளை மட்டும் ஆசிரியர் ஓடவிட்டுப் பார்த்தால் போதும். கிராம் கேள்வியை நடுவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுக்கலாம். கால் கிலோ 250 கிராம் என்று தெரிந்த பிள்ளைக்கு, 1/4 எப்படி 0.4 ஆகும் என்று தானே உறுத்தும்.

3-ம் 6-ம் வேறு விதத் தொல்லை. பத்து, நூறு, ஆயிரம் எல்லாம் 2-ஐயும் 5-ஐயும் பெருக்கிப் பெருக்கி வந்தவை. அவற்றை மூன்றால் மீதியின்றி வகுக்க முடியாது. அதனால் 1/3 புள்ளிக்குப் பின் முடியாமல் போய்க்கொண்டே இருக்கும். 0.33 என்று எழுதி நிறுத்தும் பிள்ளையிடம், மூன்று 0.33-ஐக் கூட்டிப் பார்க்கச் சொன்னால் 0.99 வரும். மீதி எங்கே என்று அந்தப் பெஞ்சிலேயே ஒரு சண்டை நடக்கும். நடக்கட்டும்.

பின்னம் என்றாலே என்னவென்று தெரியாத பிள்ளைக்கு இந்த ஆட்டம் எதையும் கற்றுத்தராது. படித்ததைத் திருப்பிப் பார்க்கத்தான் இது. 125% போன்ற ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்புகள் இதில் வராது. ரூபாய் 480-இல் 15% எவ்வளவு என்ற கேள்வியும் வராது. இவற்றைவிடப் பெரிய ஓட்டை, 5%-ம் 0.05-ம் இதில் எங்குமே இல்லாதது. 0.5-க்கும் 0.05-க்கும் இடையில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். அதற்கு இன்னொரு பென்சில் செய்துகொள்ளலாம். அதன் ஆறு பட்டையிலும் 1, 2, 4, 5, 10, 20 என்று எழுத வேண்டும். இதில் எந்தத் தசமமும் முடியாமல் ஓடாது. கிடைக்கும் மதிப்புகள் எட்டே: 1/20, 1/10, 1/5, 1/4, 2/5, 1/2, 4/5, 1. தசமமும் சதவீதமுமாகப் பதினாறு. நாலுக்கு நாலு கட்டத்தில் சரியாக அடங்கும். தடுமாறும் வகுப்பில் முதலில் இந்தப் பென்சிலையே உருட்டலாம், 3-ம் 6-ம் உள்ள பென்சில் அடுத்த வாரம் வரட்டும்.