கணுக்கால் பிடி

டீ ஆறுவதற்குள் ஒரு சின்னக் கதை சொல்கிறேன். கோயம்புத்தூரில் மூடிக்கிடக்கும் பஞ்சாலை ஒன்றின் வாட்ச்மேன் பெரியவர். இரவு எட்டு மணிக்குத்தான் டூட்டி. ஆறு மணிக்கே வந்து, பக்கத்துப் பொட்டலில் கண்ணாடிச் சில்லைப் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புத் தூளால் கோடு போடுவார். தெருப்பையன்கள் கபடி ஆடக் கூடிவிடுவார்கள். யாரையும் அவர் கூப்பிடுவதில்லை, அதட்டுவதுமில்லை.

ஒரே ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். இடது கார்னரில் நிற்பான். நல்ல வேகம், ஆனால் பிடி நிற்காது. பாடி வருபவன் கிட்டே வந்ததும் இவன் பாய்ந்து, ஊன்றிய காலைப் பிடித்துவிடுவான். அந்தக் காலின் மேல்தான் உடம்பின் பாரம் முழுக்க இருக்கிறது. அதைப் பிடித்தால் பாடி வந்தவன் உதறிக்கொண்டு நடுக்கோட்டுக்குப் போய்விடுவான். தொட்டவர்கள் எல்லாரும் அவுட்.

பெரியவர் சொன்னது இவ்வளவுதான்: "மூஞ்சியப் பாக்காத கண்ணு, அது ஏமாத்தும். இடுப்பப் பாரு."

கையும் முகமும் எந்தப் பக்கம் போக்குக் காட்டினாலும், காலை நீட்டித் தொட வருபவனின் இடுப்பு முதலில் பின்னால் சாயும். அப்போது பாரம் பின்காலுக்குப் போய், முன்கால் லேசாகிவிடும். பிடிக்க வேண்டியது அந்த லேசான காலை, அந்தக் கணத்தில். ஒரு கை குதிகாலுக்குப் பின்னால், ஒரு கை பாதத்தின் மேல். விரல்களைக் கோத்துக்கொண்டால் உதறும்போது விரல் உடையும். பிடித்ததும் காலை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிவிட வேண்டும். பக்கத்தில் நிற்கும் கவர் வந்து மோதுவான்.

எங்கே பிடிப்பது என்பதும் முக்கியம். ஆண்கள் ஆட்டத்தில் பாக் லைன் நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டர், போனஸ் லைன் அதிலிருந்து இன்னும் 1 மீட்டர். பிடிபட்டவன் கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டுவிட்டாலே தப்பிவிட்டான். பாக் லைன் பக்கம் பிடித்தால், ஒரு தள்ளாட்டமும் நீட்டிய கையும் அவனுக்குப் போதும். அதனால் போனஸ் லைனுக்கு அவன் வரும்வரை பொறுக்கச் சொன்னார். பையனுக்கு அந்தப் பொறுமைதான் வரவில்லை. பெரியவர் அவன் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். இடுப்பு சாயும்போது மட்டும் விட்டார். நாலைந்து மாலைகள் இப்படியே போயின. பிறகு ஒருநாள் பிடிக்காமலேயே பக்கத்தில் நின்றார். பையன் காத்திருந்தான், பிடி நின்றது. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் அழிந்த கோட்டை மறுபடி போட்டார். இருட்டி, சுண்ணாம்புக் கோடு கண்ணுக்குத் தெரியாமல் போனால் ஆட்டம் முடிந்தது. அதற்குமேல் ஆடினால் கால்தான் பிசகும்.

அடுத்த முறை கபடி பார்க்கும்போது பாடி வருபவனை விட்டுவிட்டு, கார்னரில் குனிந்து நிற்பவன் எவ்வளவு நேரம் கையை நீட்டாமல் இருக்கிறான் என்று பாருங்கள்.