ஊட்டிக்கு ஏறிய கேக்

அடுப்படிக் கணக்கு – 17

"தாம்பரத்தில் இருந்தவரை இந்த கேக் ஒருநாளும் என் காலை வாரியதில்லை. ஊட்டிக்கு மாற்றலாகி வந்த பிறகு ஒருநாளும் ஒழுங்காக வந்ததில்லை, நடுவில் அமுங்கிப் பள்ளமாகிவிடுகிறது. அதே ஓவன், அதே டின், அதே கை. இந்த ஊர் மைதாதான் சரியில்லையா அக்கா?" ஃபிங்கர் போஸ்ட் பக்கம் குடியிருக்கும் ஒரு வாசகியின் கடிதம் இது. கூடவே தன் அளவையும் எழுதி அனுப்பியிருந்தார். மைதா 200 கிராம், சர்க்கரை 200 கிராம், வெண்ணெய் 115 கிராம், முட்டை இரண்டு, பால் 160 மில்லி, பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன். எட்டு அங்குல டின்னில், 175 டிகிரியில் 38 நிமிடம். எந்த சமையல் புத்தகத்திலும் இருக்கக்கூடிய சாதாரண வெனிலா கேக். அளவில் ஒரு குற்றமும் இல்லை, கடற்கரை ஊரில் செய்கிற வரை.

மைதாவையும் குறை சொல்ல வேண்டாம். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் சென்னையில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் தாண்டும்போது தலையணை மாதிரி உப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருக்கும் வாயு கூடவில்லை, வெளியே அமுக்குகிற காற்று குறைந்துவிட்டது. கேக் மாவுக்குள் இருக்கும் குமிழிகளுக்கும் இதேதான் நடக்கிறது. 2 டீஸ்பூன் பேக்கிங் பவுடரிலிருந்து கிளம்பும் வாயு தாம்பரத்தில் மூன்று பங்கு இடம் பிடித்தால், ஊட்டியில் நான்கு பங்கு பிடிக்கும். ஆகவே அவர் அறியாமலே மாவில் மூன்றில் ஒரு பங்கு பேக்கிங் பவுடரைக் கூடுதலாகப் போட்ட மாதிரிதான்.

பெரும்பாலானவர்கள் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். "மலையில் பேக்கிங் பவுடரைக் குறை" என்பதுதான் கைமாறி வருகிற அறிவுரை. அது பாதி வைத்தியம். வாசகியும் அதைச் செய்து பார்த்திருக்கிறார். பள்ளம் கொஞ்சம் ஆழம் குறைந்ததே தவிர, போகவில்லை.

மீதிப் பாதி, தண்ணீர் கொதிக்கும் சூட்டில் இருக்கிறது. ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் அங்கே பருப்பு வேகவைப்பது பெரும்பாடு என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஓவனை 175 டிகிரியில் வைத்தாலும், மாவில் ஈரம் இருக்கும்வரை கேக்கின் நடுப்பகுதி தண்ணீரின் கொதிநிலையைத் தாண்டிப் பெரிதாக ஏறாது. சென்னையில் கேக் வெந்து முடியும்போது நடுவில் 98 டிகிரி வாக்கில் இருக்கும். ஊட்டியில் அந்த எண்ணை எட்டவே முடியாது. இறைச்சிக்குக் குத்திப் பார்க்கிற வெப்பமானியை கேக்கில் செருகி 98 வரட்டும் என்று காத்திருந்தால், கேக் ரஸ்க் ஆகிவிடும்.

அதனால் என்ன, 93 போதாதா என்று கேட்கலாம். சாதாரண மைதாக் கஞ்சி 93க்கு வெகுமுன்பே கெட்டியாகிவிடும். கேக்கில் சர்க்கரை குறுக்கே வருகிறது. மைதாவின் மாவுச்சத்து தண்ணீரைக் குடித்துப் பருத்து இறுகினால்தான் கேக் நிற்கும். சர்க்கரை அந்தத் தண்ணீரைத் தன் பக்கம் பிடித்து வைத்துக்கொள்கிறது. முட்டை உறைவதையும் அது தள்ளிப்போடுகிறது. மைதாவுக்குச் சமமாகச் சர்க்கரை போட்ட மாவு இறுகுவதற்கு 90 டிகிரியை நெருங்க வேண்டியிருக்கும். சென்னையில் அதற்கு மேலே ஏற இன்னும் தாராளமாக இடம் இருக்கிறது. ஊட்டியில் இரண்டு மூன்று டிகிரிதான் மிச்சம். போதாக்குறைக்கு, அழுத்தம் குறைந்த காற்றில் மாவிலிருந்து தண்ணீர் சீக்கிரமாக ஆவியாகிப் போகிறது. தண்ணீர் போகப் போக, மிஞ்சியதில் சர்க்கரையின் அடர்த்தி கூடுகிறது. அடர்த்தி கூடக் கூட, இறுகும் புள்ளி இன்னும் மேலே நகர்கிறது.

ஓவனின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் இது அப்படியே தெரியும். பத்துப் பன்னிரண்டு நிமிடத்திலேயே மாவு விளிம்பைத் தொட்டு, இருபதாவது நிமிடத்தில் அழகாகக் குமிழ்ந்து நிற்கும். வீட்டில் எல்லோரும் வந்து எட்டிப் பார்க்கிற கட்டம் அது. ஆனால் மேலே இன்னும் பளபளப்பு போயிருக்காது. தட்டை லேசாக அசைத்தால் நடு மட்டும் தளதளவென்று ஆடும். குமிழிகளின் சுவர் இறுகுவதற்கு முன்பே அவை இழுபட்டு மெலிந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, மேலே வந்து உடையத் தொடங்கியிருக்கும். அப்புறம் ஓரம் அப்படியே நிற்க, நடு மெல்லக் கீழே இறங்கும். கதவைத் திறந்ததால்தான் அமுங்கியது என்று பிள்ளைகளைத் திட்டுவது வழக்கம். பாவம், கதவைத் திறக்காவிட்டாலும் அது அமுங்கியிருக்கும்.

ஆக, செய்ய வேண்டியது இரண்டு. உப்பலை மெதுவாக்க வேண்டும், இறுகுவதைச் சீக்கிரமாக்க வேண்டும். அமெரிக்காவில் கொலராடோவின் விவசாயக் கல்லூரியில் 1920களிலேயே இங்கா ஆலிசன் என்ற பேராசிரியர் இதை ஆராயத் தொடங்கினார். காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஓர் அறையையே கட்டி, அதற்குள் கேக் சுட்டுப் பார்த்தார்கள். இன்றைக்கு மலையூர்களுக்குச் சொல்லப்படும் அளவு மாற்றங்கள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவை. அவற்றை நம் வாசகியின் கேக்கில் பொருத்திப் பார்ப்போம்.

முதலில் சர்க்கரை. 200 கிராமில் 2 டேபிள்ஸ்பூன், அதாவது 25 கிராம், குறைத்து 175 ஆக்கலாம். இனிப்பில் பெரிய வித்தியாசம் தெரியாது, இறுகும் சூடு கீழே இறங்கிவிடும். பேக்கிங் பவுடரில் கால் பங்கு எடுத்துவிட்டால் ஒன்றரை டீஸ்பூன். தலை தட்டிய ஒன்றரை, குவித்தது அல்ல. பாலை 160லிருந்து 195 மில்லியாக்க வேண்டும். கேக் வறண்டு போகாமல் இருக்கத்தான் பால் என்று நினைப்போம். அதைவிட முக்கியமான வேலை, ஆவியாகிப் போகும் தண்ணீரை ஈடுகட்டிச் சர்க்கரையின் அடர்த்தியை ஏறவிடாமல் பிடித்து வைப்பது. பால் கூடியதால் மாவு நீர்த்துவிடும், அதற்கு மைதா 2 டேபிள்ஸ்பூன் கூடுதல். இரண்டு முட்டையோடு ஒரு மஞ்சள் கருவையும் சேர்த்துக்கொள்ளலாம், இறுகுவதற்கு இன்னொரு கை. வெண்ணெயைத் தொட வேண்டாம். இந்த கேக்கில் அது அளவோடுதான் இருக்கிறது. மைதாவின் எடைக்குச் சமமாக வெண்ணெய் போடும் கேக்காக இருந்தால் ஒரு டேபிள்ஸ்பூன் குறைக்கலாம்.

அடுத்தது ஓவன். 175ஐ 190 ஆக்க வேண்டும். சூடு கூடினால் இன்னும் வேகமாக உப்புமே என்று தயங்குவார்கள். உப்பும், ஆனால் ஓரமும் மேற்பரப்பும் அதைவிட வேகமாக இறுகிவிடும். டின்னில் பாதிக்கு மேல் மாவு ஊற்ற வேண்டாம். 28 நிமிடத்திலேயே குச்சி விட்டுப் பார்க்கத் தொடங்க வேண்டும். அதற்கு முன் கதவைத் திறக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இப்படிச் செய்தும் முதல் கேக் சரியாக வரவில்லை என்றால், குறுக்கே வெட்டிப் பாருங்கள். கேக்கே சொல்லிவிடும். நடு அமுங்கி, வெட்டிய முகத்தில் ஓட்டைகள் பெரிது பெரிதாக, வடை மாதிரி இருந்தால் பேக்கிங் பவுடர் இன்னும் அதிகம். ஒன்றேகால் டீஸ்பூனுக்கு இறங்கலாம். நடு அமுங்கியிருக்கிறது, ஆனால் ஓட்டை இல்லை, அடியில் அல்வா மாதிரி ஒரு பிசுபிசுப்பான பட்டை ஓடுகிறது, விளிம்பு மொறுமொறுவென்று சர்க்கரைப் பாகு காய்ந்தது போல டின்னில் ஒட்டியிருக்கிறது என்றால் சர்க்கரைதான். இன்னொரு டேபிள்ஸ்பூன் குறையுங்கள். நடு எரிமலை போல் கூம்பி வெடித்திருந்தால் நீங்கள் எதிர்ப்பக்கம் போய்விட்டீர்கள். சூடு அதிகம், அல்லது மாவு கெட்டி. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் எது வேலை செய்தது என்று தெரியாமலே போய்விடும்.

மலையூர் கேக்கில் உயரத்தோடு தொடர்பே இல்லாத இன்னொரு வில்லன் உண்டு, குளிர். வெண்ணெய் "அறை வெப்பநிலையில்" இருக்கட்டும் என்று எழுதுகிறவர்கள் ஊட்டியின் ஜனவரி சமையலறையை மனதில் வைத்து எழுதுவதில்லை. அந்த வெண்ணெய் கல். சர்க்கரையோடு எவ்வளவு அடித்தாலும் வெளுக்காது, காற்றைப் பிடிக்காது. குளிர்ந்த முட்டையை ஊற்றியதும் மோர் திரிந்தாற்போல் பிரிந்துவிடும். பாத்திரத்தை வெதுவெதுப்பான தண்ணீரின் மேல் சற்று நேரம் வைத்து, விரல் அழுத்தினால் பள்ளம் விழும் பதத்துக்கு வெண்ணெயைக் கொண்டுவர வேண்டும், உருகவிடக் கூடாது. முட்டையையும் ஓட்டோடு அதே தண்ணீரில் போட்டு வையுங்கள்.

குக்கரில் மணலோ உப்போ பரப்பி கேக் செய்கிறவர்கள், "குக்கர்தான் அழுத்தம் தருமே, எங்களுக்கு இந்தத் தொல்லை இல்லையே" என்று நினைக்க வேண்டாம். வெயிட்டும் கேஸ்கட்டும் எடுத்துவிட்டுத்தானே கேக் வைக்கிறோம்? உள்ளே இருப்பதும் அதே மலைக்காற்றுதான். அளவு மாற்றம் அங்கேயும் வேண்டும். சூட்டைத்தான் எண்ணில் சொல்ல முடியாது. காலி குக்கரைப் பத்து நிமிடமாவது நன்றாகக் காயவிட்டு டின்னை இறக்குங்கள்.

கொடைக்கானலும் ஏறக்குறைய இதே உயரம்தான், இதே அளவு பொருந்தும். குன்னூரிலும் இலங்கையின் நுவரெலியாவிலும் சர்க்கரையில் ஒன்றரை டேபிள்ஸ்பூன் குறைத்துத் தொடங்கலாம். ஏற்காட்டில் ஒரு டேபிள்ஸ்பூன் போதும், பேக்கிங் பவுடரைக் கால் டீஸ்பூன் எடுத்தால் போதும். வால்பாறைக்காரர்கள் பழைய அளவிலேயே ஒருமுறை செய்து பார்த்துவிட்டு அப்புறம் கை வைக்கலாம்.

பேக்கிங் பவுடர் இல்லாமல் முட்டையை மட்டும் அடித்துச் செய்யும் ஸ்பாஞ்சுக்குக் கணக்கு வேறு. அங்கே குறைக்க வேண்டியது அடிப்பதைத்தான். வெள்ளைக் கருவைக் கம்பியில் தூக்கினால் நுனி நிமிர்ந்து நிற்கும்வரை அடிக்கச் சொல்வார்கள். மலையில் நுனி மடங்கி விழும் கட்டத்திலேயே நிறுத்திவிட வேண்டும். குமிழிகள் விரிவதற்கு மிச்ச இடம் இருக்கட்டும்.

உயரம் அதிகம் சீண்டாதது பிளம் கேக். திராட்சையும் முந்திரியும் கனக்க, பேக்கிங் பவுடர் பெயருக்கு ஒரு சிட்டிகையோடு, குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் வேகிற கேக் அது. உப்புவதற்கு அதில் அதிகம் இல்லை, அதனால் விழுவதற்கும் இல்லை. வாசகிக்கு இந்த டிசம்பரில் விருந்தாளிகள் வருகிறார்களாம். வெனிலா கேக் கைக்குப் படியும்வரை பிளம் கேக்கை நம்பலாம். பழத்தை இப்போதே ஊறப்போட்டுவிடுங்கள்.

(தொடரும்)