ட்வீட்டரா, கெப்பாசிட்டரா?

பழைய ஸ்டீரியோ செட்டில் பாட்டு கேட்கும்போது, வலது பக்கம் தெளிவாகவும் இடது பக்கம் போர்வைக்குள்ளிருந்து வருவது போல மந்தமாகவும் கேட்கிறது. பெட்டிக்கு அருகே காதை வைத்தால் கீழே உள்ள பெரிய வூஃபர் பாடுகிறது. மேலே உள்ள சின்ன ட்வீட்டரில் சத்தம் இல்லை, இருந்தாலும் மிக லேசாகத்தான். உடனே ‘ட்வீட்டர் போயிடுச்சு’ என்று முடிவு கட்டி, புதிதாக வாங்கி மாட்டுபவர்கள் உண்டு. மாட்டிய பிறகும் அதே மந்தம் தொடர்ந்தால், பழுது வேறு இடத்தில் இருந்திருக்கிறது என்று அர்த்தம். சாதாரண மல்டிமீட்டர் ஒன்று கையில் இருந்தால், கடைக்குப் போகும் முன்பே இதைத் தெரிந்துகொள்ளலாம்.

முதலில், பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும் ஒயர், கிராஸ்ஓவர் என்ற சிறிய பலகைக்குப் போகிறது. அது தாழ்ந்த ஒலியை வூஃபருக்கும் உயர்ந்த ஒலியை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்புகிறது. ட்வீட்டருக்குப் போகும் வழியில் ஒரு கெப்பாசிட்டர் நிற்கும். எளிமையான பெட்டிகளில் கிராஸ்ஓவர் என்பதே அந்த ஒற்றைக் கெப்பாசிட்டர்தான். தாழ்ந்த ஒலியை அது தடுப்பதால்தான், முடி போன்ற மெல்லிய கம்பியில் சுற்றிய ட்வீட்டரின் காயில் எரியாமல் பிழைக்கிறது.

இதனால் சோதனையில் ஒரு சிக்கல் வருகிறது. மல்டிமீட்டர் ஓம் அளக்க அனுப்புவது நேர் மின்சாரம். கெப்பாசிட்டர் அதைக் கடக்க விடாது. ஆகவே பெட்டியின் பின்புறம் ஒயர் மாட்டும் முனைகளில் மீட்டரை வைத்தால் தெரிவது வூஃபரின் கணக்கு மட்டும்தான். ட்வீட்டர் எரிந்திருந்தாலும் நன்றாக இருந்தாலும் அங்கே ஒரே ரீடிங்தான் வரும். ‘பின்னாடி வச்சுப் பார்த்தேன், சரியாத்தான் காட்டுது’ என்று ட்வீட்டருக்கு நற்சான்று கொடுக்க முடியாது.

எனவே ஆம்ப்ளிஃபயரை அணைத்து, ஒயரைக் கழற்றிவிட்டு, ட்வீட்டரைத் திருகு கழற்றி வெளியே எடுக்க வேண்டும். அதன் பின்னால் வரும் இரண்டு ஒயர்களில் எது பிளஸ் என்று குறித்துக்கொண்டு, ஒன்றையாவது கழற்றுவது அவசியம். காரணம், சில கிராஸ்ஓவர்களில் ட்வீட்டருக்குக் குறுக்கே ஒரு காயில் இணைந்திருக்கும். அதன் தடை பெரும்பாலும் ஒரு ஓமுக்கும் குறைவு. ஒயரைக் கழற்றாமல் அளந்தால் மீட்டர் அந்தக் காயிலைத்தான் படிக்கும். ட்வீட்டர் ‘ஷார்ட்’ ஆகிவிட்டது என்றோ, எரிந்துபோன ட்வீட்டரில் இணைப்பு இருக்கிறது என்றோ தவறாக நினைக்கத் தோன்றும்.

மீட்டரை 200 ஓம் நிலைக்குத் திருப்பி, முதலில் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடுங்கள். மீட்டர் ஒயரின் தடையாக 0.3, 0.4 போல ஏதாவது காட்டும். பிறகு வரும் எல்லா ரீடிங்கிலிருந்தும் அதைக் கழிக்க வேண்டும். இப்போது ட்வீட்டரின் முனைகளில் வையுங்கள். 8 ஓம் என்று அச்சிட்டிருந்தாலும் மீட்டரில் 8 வராது; ஐந்தரையிலிருந்து ஏழுக்குள் வரும். 4 ஓம் என்றால் மூன்று, மூன்றரை போல வரும். அச்சில் உள்ளது பாட்டு ஓடும்போது ஆம்ப்ளிஃபயர் உணரும் எதிர்ப்பின் தோராயம். மீட்டர் காட்டுவது கம்பியின் வெறும் தடை. குறைவாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். ‘OL’ என்றோ இடது ஓரத்தில் தனியாக ‘1’ என்றோ வந்தால்தான் காயில் அறுந்துவிட்டது.

முனையைத் தொடும் நொடியில் காதையும் கிட்டே வையுங்கள். நல்ல ட்வீட்டர் ‘டிக்’ என்று மெல்லியதாக ஒரு சத்தம் எழுப்பும். மீட்டரின் சிறு மின்சாரமே அதை அசைக்கப் போதும். வூஃபரைச் சோதிக்கும்போது, மீட்டரை வைத்தபடியே பேப்பர் கோனை இரண்டு பக்கமும் விரல் வைத்து மெதுவாக உள்ளே அழுத்திப் பாருங்கள். எண் துள்ளினால் கோனுக்குப் போகும் பின்னல் கம்பி அறுந்து தொட்டுக்கொண்டிருக்கிறது. எண் அசையாமல், ‘கரகர’வென்று உராய்ந்தால் காயில் இடம் விலகியிருக்கிறது, இதை மீட்டர் சொல்லாது, விரலும் காதும்தான் சொல்லும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இடது ட்வீட்டர் 5.9 ஓம் காட்டுகிறது, நன்றாக ஒலிக்கும் வலது ட்வீட்டர் 5.8. இரண்டும் ஏறக்குறைய ஒன்று. ட்வீட்டர் மேல் குற்றமில்லை. அடுத்த சந்தேகம் கெப்பாசிட்டர். அதன் ஒரு காலைச் சால்டர் எடுத்துத் தூக்கி, கெப்பாசிட்டர் அளக்கும் வசதியுள்ள மீட்டரில் வைக்கிறோம். மேலே 4.7 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருக்கிறது. வலது பக்கம் 4.5 வருகிறது, பத்து சதவீத ஏற்ற இறக்கம் இயல்பு. இடது பக்கம் 2.1. உள்ளிருக்கும் திரவம் காலப்போக்கில் காய்ந்து, அளவு பாதிக்கும் கீழே போய்விட்டது. 8 ஓம் ட்வீட்டரோடு 4.7 மைக்ரோஃபாரட் சேர்ந்தால் சுமார் 4,200 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி தாராளமாகப் போகும்; 2.1 என்றால் அந்த எல்லை சுமார் 9,500க்கு ஏறிவிடும். ‘ஸ்’, ‘ஷ்’ போன்ற உரசல் ஒலிகளில் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. போர்வை போட்ட மந்தம் இங்கிருந்து வந்ததுதான்.

ஆக, மாற்ற வேண்டியது சில பத்து ரூபாய்க் கெப்பாசிட்டர். கடையில் ‘நான்-போலார்’ என்று கேட்டு வாங்க வேண்டும். பிளஸ், மைனஸ் குறித்த சாதாரணக் கெப்பாசிட்டர் இங்கே தாங்காது, ஏனென்றால் பாட்டின் மின்சாரம் இரு திசையிலும் மாறி மாறி ஓடுகிறது. அளவு அதே 4.7, வோல்ட்டேஜ் பழையதற்குக் குறையாமல் இருக்கட்டும். வலது பக்கத்துக்கும் அதே வயதுதான் என்பதால் இரண்டையும் சேர்த்து மாற்றினால் இரு பக்கமும் ஒரே மாதிரி ஒலிக்கும்.

மாறாக, ட்வீட்டர் ‘OL’ காட்டியிருந்தால் மாற்ற வேண்டியது ட்வீட்டர்தான். அப்போதும் கெப்பாசிட்டரைப் பார்க்காமல் புதியதை மாட்டக் கூடாது. அதன் ஒரு காலைத் தூக்கி ஓம் நிலையில் வைத்தால், நல்ல கெப்பாசிட்டரில் எண் ஏறி ‘OL’-இல் நிற்கும். சில ஓமிலேயே நின்றுவிட்டால் அது ஷார்ட் ஆகியிருக்கிறது. தாழ்ந்த ஒலியெல்லாம் ட்வீட்டருக்குள் புகுந்து எரித்திருக்கிறது. அதே நிலையில் புதிய ட்வீட்டரும் அதே கதிக்குத்தான் போகும். கெப்பாசிட்டர் நன்றாக இருந்தால், சின்ன ஆம்ப்ளிஃபயரை முழு வால்யூமில் வைத்து ஒலி பிளக்கும்வரை ஓட்டியதே காரணமாக இருக்கலாம்.

சில சமயம் ட்வீட்டரின் ஓமும் சரி, கெப்பாசிட்டரின் அளவும் சரி, ஆனாலும் ஒலி மந்தம் என்று குழப்பும். கெப்பாசிட்டரின் உள் தடை கூடியிருந்தால் சாதாரண மல்டிமீட்டருக்கு அது தெரியாது. அப்போது இரண்டு பெட்டிகளின் ட்வீட்டர்களை மட்டும் இடம் மாற்றி மாட்டிக் கேளுங்கள். மந்தம் ட்வீட்டரோடு வலது பெட்டிக்குப் போனால் ட்வீட்டரை மாற்றுங்கள். இடது பெட்டியிலேயே நின்றால் அங்குள்ள கெப்பாசிட்டரை மாற்றுங்கள்.