இருபது என்று சொன்னார்கள், ஆறுதானே வருகிறது!



“இன்டர்நெட் பெக்கேஜ் வாங்கும்போது இருபது என்று சொன்னார்கள். பார்த்தால் ஆறுதான் வருகிறது. ஏமாற்றிவிட்டார்களா ஐயா?” லயத்துப் பக்கம் போகும்போதெல்லாம் நம்மிடம் இப்படிக் கேட்கிறார்கள். மாதாமாதம் காசு கட்டுகிறோம், ஆகவே இதைக் கொஞ்சம் விளங்கிக்கொள்வோம்.

விளம்பரத்தில் 20 Mbps என்று இருந்தால், அதற்கு முன்னால் “வரை” என்று பொருள்படும் ‘up to’ என்ற சொல் சின்ன எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியாக அமைந்தால் ஆகக் கூடியது இருபது வரும் என்பதே அதன் கருத்து. எந்நேரமும் இருபது வரும் என்று அதில் சொல்லவில்லை.

நம் பீலித் தண்ணீரை நினைத்துப் பாருங்கள். விடியற்காலை ஒருவர் மட்டும் குடம் பிடித்தால் வேகமாக நிரம்பும். மாலையில் எல்லா வீட்டுக் குழாயும் திறந்தால் நூல் மாதிரித்தான் வடியும். ரவுட்டருக்கு இணைப்புத் தரும் டவரும் அப்படித்தான். அதன் அளவை அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லாரும் பங்குபோடுகிறார்கள். இரவு எட்டு மணிக்கு எல்லாரும் படம் பார்க்கும்போது ஒவ்வொருவர் பங்கும் குறைந்துவிடும். நடுவில் ஒரு மலை மறைத்தாலும் குறையும்.

பெக்கேஜில் இரண்டு எண்கள் உண்டு. டவுன்லோட் என்பது வெளியிலிருந்து நம் வீட்டுக்கு வருவது. பாட வீடியோ பார்ப்பது அதில் சேரும். அப்லோட் என்பது வீட்டிலிருந்து வெளியே போவது. பிள்ளை வீட்டுவேலையைப் படம் பிடித்து ஆசிரியருக்கு அனுப்புவது அதில் சேரும். வீடியோ கோலில் இரண்டும் வேண்டும். பெரும்பாலான ஆட்கள் பார்க்கிறவர்கள், அனுப்புகிறவர்கள் குறைவு. அதனால் கம்பனிகள் டவுன்லோடுக்கே கூடுதல் இடம் ஒதுக்குகின்றன. அதோடு டவருக்குப் பலம் அதிகம், நம் ரவுட்டருக்குப் பலம் குறைவு. தூரம் கூடினால் முதலில் தளர்வது அப்லோடுதான். படம் நன்றாக ஓடுகிற வீட்டில் பிள்ளையின் வீட்டுவேலை மட்டும் போகாமல் சுற்றிக்கொண்டே நிற்பது இதனால்தான்.

இன்னொரு விஷயமும் உண்டு. Mbps என்பதில் உள்ள சின்ன ‘b’ பிட்டைக் குறிக்கும். ஃபோனில் ஒரு வீடியோவின் அளவைக் காட்டும் MB என்பதில் உள்ள பெரிய ‘B’ பைட்டைக் குறிக்கும். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆகவே 20 Mbps என்றால் செக்கனுக்கு இரண்டரை MBதான் வரும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வீட்டு பெக்கேஜ் டவுன்லோட் 20, அப்லோட் 4 என்று வைத்துக்கொள்வோம். இரவு எட்டு மணிக்கு அளந்தால் 6, 1 என்று வருகிறது. மகள் 30 MB வீடியோ ஒன்றை ஆசிரியருக்கு அனுப்ப வேண்டும். முப்பதை எட்டால் பெருக்கினால் 240. அப்லோட் 4 ஆக இருந்தால் 60 செக்கனில் போய்விடும். 1 ஆக இருந்தால் 240 செக்கன், அதாவது நாலு நிமிடம். இடையில் சிக்னல் விட்டுப்போனால் முதலிலிருந்து அனுப்பவும் நேரிடலாம்.

வேகத்தை நாமே அளக்கலாம். ஃபோனை வைஃபையில் இணைத்து fast.com என்று அடியுங்கள். முதலில் வருவது டவுன்லோட். Show more info என்பதைத் தொட்டால் அப்லோடும் வரும். அளப்பதற்கும் டேட்டா செலவாகும், அடிக்கடி செய்யாதீர்கள். மற்ற ஃபோன்களை நிறுத்திவிட்டு, ரவுட்டர் பக்கத்திலேயே நின்று, காலையில் பெரட்டுக்குப் போகுமுன் ஒரு தரமும் இரவு எட்டு மணிக்கு ஒரு தரமும் அளந்து கொப்பியில் எழுதுங்கள்.

காலையில் நல்ல வேகம், இரவில் குறைவு என்றால் டவரில் நெரிசல். பெரிய பெக்கேஜுக்கு மாறிக் கூடுதல் காசு கட்டினாலும் அந்த நெரிசல் பெரும்பாலும் அப்படியே இருக்கும். வீட்டுவேலையை விடியற்காலையில் அனுப்புவது நல்லது.

இரண்டு நேரமும் குறைவு என்றால் சிக்னல் போதாது. ரவுட்டரை டவர் இருக்கும் பக்கத்து ஜன்னலோரம் வைத்து மறுபடி அளந்து பாருங்கள். ரவுட்டர் பக்கத்தில் நன்றாக வந்து, அடுத்த காம்பராவில் மட்டும் குறைந்தால் சுவர்தான் காரணம். மாத ஆரம்பத்தில் நன்றாக இருந்து, பிறகு இரவு பகல் எந்நேரமும் மந்தமாகிவிட்டால், மாதத்துக்குரிய டேட்டா முடிந்திருக்கலாம். சில பெக்கேஜுகளில் அதன்பின் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் சரிவராவிட்டால், திகதி, நேரம், இரண்டு எண்கள் எழுதிய கொப்பியோடு கம்பனிக் காரியாலயத்துக்குப் போங்கள். “ஸ்லோவா இருக்கு” என்று மட்டும் சொன்னால் தட்டிக்கழிப்பது லேசு. ஒரு வாரக் கணக்கைக் காட்டினால் அவர்கள் அதைப் பார்த்தே பதில் சொல்ல வேண்டிவரும். புதிதாக வாங்குகிறவர்கள் கையெழுத்துப் போடுமுன், “எங்கள் டிவிஷனில் இரவு நேரத்தில் எவ்வளவு வரும்? அப்லோட் எவ்வளவு?” என்று கேளுங்கள். அதே கம்பனி இணைப்பு உள்ள பக்கத்து வீட்டில் ஒரு இரவு அளந்து பார்ப்பது இன்னும் நல்லது.