விடுவிக்கும் நேரத்தில்தான் வினை

பத்து முறை சுவிட்ச் போட்டால் ஒன்பது முறை ஒழுங்காக எழும் கருவி, பத்தாவது முறை உறைந்து நிற்கும். காரணம் ரீசெட்டாக இருக்கலாம்.

சிப்பில் ஒரு பிட்டை நினைவில் வைப்பது ஃபிளிப்ஃபிளாப். கிளாக் துடிக்கும்போதுதான் அது மதிப்பை மாற்றும். சிங்க்ரனஸ் ரீசெட்டும் அந்தத் துடிப்புக்குக் காத்திருக்கும். கிளாக் ஓடாவிட்டால் பலிக்காது. அசிங்க்ரனஸ் ரீசெட் காத்திருக்காது, உடனே பிடித்து நிறுத்தும். சிக்கல், பிடியை விடும்போது.

நான்கு ஃபிளிப்ஃபிளாப்களில் எப்போதும் ஒன்றில் மட்டும் 1 இருக்கும் சுற்று ஒன்று. ரீசெட்டில் 1000, அடுத்த துடிப்பில் 0100. துடிப்பை ஒட்டி ரீசெட் விலகுகிறது. கம்பி நீள வித்தியாசத்தால் முதலாவதற்குச் செய்தி துடிப்புக்குச் சற்று முன்னும், இரண்டாவதற்குச் சற்றுப் பின்னும் போய்ச் சேர்கிறது. முதலாவது 0 ஆகிவிட்டது; இரண்டாவது இன்னும் பிடியில், அதுவும் 0. கிடைப்பது 0000. அப்படியொரு நிலையே திட்டத்தில் இல்லை. சுற்று அங்கேயே நின்றுவிடும்.

தீர்வு, இரண்டு ஃபிளிப்ஃபிளாப்களின் வரிசை. ரீசெட் வந்ததும் இரண்டும் 0 ஆகி, மொத்தச் சுற்றையும் உடனே பிடிக்கும். ரீசெட் விலகியதும் முதலாவதன் உள்ளீட்டில் நிலையாகக் கட்டிய 1, துடிப்புக்கு ஒரு படியாக நகர்ந்து வெளியே வரும். முதலாவது தடுமாறினாலும் தெளிய ஒரு துடிப்பு அவகாசம் உண்டு. துடிப்பு முடிந்த கையோடு விடுதலை கிளம்புவதால், அடுத்த துடிப்புக்குள் எல்லோரையும் எட்டிவிட முடியும். ஒவ்வொரு கிளாக்குக்கும் தனித்தனி வரிசை வேண்டும்.