உங்களுக்குத் தெரியுமா? 'ஹபீபி'யை யாரிடம் சொல்லலாம்?

தளி பேருந்து நிலையத்தில் முன்பின் தெரியாதவரிடம் வழி கேட்க 'அண்ணா' என்று கூப்பிட்டால் போதும். தமிழ், கன்னடம், தெலுங்கு எது பேசுபவரும் திரும்பிப் பார்ப்பார். வயதுக்குரிய மரியாதையும் அதிலேயே சேர்ந்துவிடும். இங்கிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள் பலர் அந்த 'அண்ணா'வின் இடத்தில் 'ஹபீபி'யை வைத்துவிடுகிறார்கள். ஆனால் அதில் பாசம் உண்டே தவிர, மூத்தவருக்கான மரியாதை கிடையாது.

ஆணிடம் ஹபீபி, பெண்ணிடம் ஹபீப்தி, பலரைச் சேர்த்துச் சொன்னால் ஹபாய்பி. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் நாம் கேட்டுப் பழகிய ஹபீப், மெஹபூப் என்ற பெயர்களும் இதே வேரிலிருந்து வந்தவைதான்.

அரபுப் பாடல்களில் காதலியையும் 'ஹபீபி' என்றே பாடுவது நெடுநாள் வழக்கம். 1996-இல் வந்த எகிப்தியப் பாடகர் அம்ர் தியாபின் 'நூர் அல் ஐன்' அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. 2022-இல் 'பீஸ்ட்' படத்தின் 'அரபிக் குத்து' வந்த பிறகு நம் ஊர்க் கல்யாண மேடைகளிலும் இந்தச் சொல் புழங்குகிறது. ஆனால் பாட்டில் கேட்டதை வைத்து அரபு நாட்டுத் தெருவில் ஒரு பெண்ணைக் கூப்பிடக் கூடாது.

வீட்டுக்குள் தடையே இல்லை. தாய் மகனையும் கணவன் மனைவியையும் பாட்டி பேரனையும் இப்படி அழைப்பார்கள். ஆண் நண்பர்கள் ஒருவரையொருவர் 'ஹபீபி' என்பது நம் 'மச்சான்', 'மாப்ள' போல. பெண்கள் தங்களுக்குள் 'ஹபீப்தி' என்பதும் அப்படித்தான். சில ஊர்களில் கடைக்காரப் பெண் முதல்முறை வந்த வாடிக்கையாளரான பெண்ணிடமும் தயங்காமல் சொல்லிவிடுவார்.

கடைவீதியில் விற்பவர் வாங்குபவரை 'ஹபீபி' என்பது வியாபாரப் பேச்சு. அவர் சொன்னதும் நட்பு உறுதியாகிவிட்டது என்று எண்ணி விலையை விட்டுவிடாதீர்கள். பேரம் முற்றும்போது 'லா... ஹபீபி' என்று இழுத்துச் சொன்னால் 'அதெல்லாம் ஆகாது' என்று பொருள். 'ஷூஃப், ஹபீபி' என்று குரல் தாழ்ந்து, முகத்தில் சிரிப்பும் இல்லையென்றால் அது 'இங்க பாருப்பா' என்கிற கண்டிப்பு. சொல் ஒன்றுதான். இழுப்பையும் முகத்தையும் பார்த்துத்தான் பொருளைப் பிடிக்க வேண்டும்.

ஆண் ஒருவர் அறிமுகமில்லாத பெண்ணை 'ஹபீப்தி' என்றால் அத்துமீறலாகவே எடுத்துக்கொள்வார்கள். வங்கிக் கவுன்ட்டரோ மருத்துவமனையோ எதுவானாலும், 'உஃக்தி' (என் சகோதரி) அல்லது 'மேடம்' என்பதே சரி. ஐக்கிய அரபு அமீரகத்தில் பொது இடத்தில் பெண்ணிடம் சொல்லால் அத்துமீறுவதும் தண்டனைக்குரிய குற்றம். விளையாட்டாகச் சொன்னேன் என்பதை நம்பி இருக்க முடியாது.

வேலையிடத்தில் இந்தச் சொல் மேலிருந்து கீழே எளிதாக இறங்கும், கீழிருந்து மேலே ஏறாது. ஓசூர் சிப்காட்டில் லேத் கற்றுக்கொண்ட ஒரு இளைஞர் ஷார்ஜா பட்டறையில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அறுபது வயது அரபு முதலாளி அவரை 'ஹபீபி' என்று தட்டிக்கொடுப்பார். இவரும் பதிலுக்கு அதையே சொன்னால், நம் ஊரில் பெரியவரை 'மச்சி' என்றது போலாகும். மூத்த பிள்ளையின் பெயரைச் சேர்த்து 'அபூ முஹம்மது' என்று, அதாவது முஹம்மதின் தந்தை என்று, அழைத்தால் அவர் மகிழ்வார். படித்த, பதவியில் உள்ளவருக்கு 'உஸ்தாத்' பொருந்தும். போலீஸ்காரரிடமும் குடியேற்ற அதிகாரியிடமும் 'ஹபீபி' வேண்டவே வேண்டாம்.

நம் 'அண்ணா', 'அம்மா'வைப் போன்ற உறவுச் சொற்கள் அரபியிலும் உண்டு, அதைத்தான் பலர் கவனிப்பதில்லை. வயதான ஆணை 'அம்மி' (என் சித்தப்பா, பெரியப்பா) என்றும், வயதான பெண்ணை 'ஃகாலா' (தாயின் சகோதரி) என்றும் அழைக்கலாம். தேன்கனிக்கோட்டையில் உருது பேசும் வீடுகளில் சின்னம்மாவை 'காலா' என்று கூப்பிடுவதும் அரபியிலிருந்து வந்ததே. நமக்குப் பழகிய முறைதான் என்பதால் நாக்கில் சீக்கிரம் உட்கார்ந்துவிடும்.

அதிகமாக ஒட்டிவிட்டோமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நீங்கள் 'ஹபீபி' என்றதும் எதிரில் இருப்பவரும் 'ஹபீபி' என்றால் கவலையில்லை. அவர் 'மிஸ்டர்' என்றோ உங்கள் பெயரைச் சொல்லியோ பதில் தந்தால், அல்லது பேச்சைச் சுருக்கிக்கொண்டால், நிறுத்திவிடுங்கள். தளி, ஓசூர் ரோஜாவை வளைகுடாவுக்கு அனுப்புகிறவர்கள் வாட்ஸ்அப்பில் புதிய வாடிக்கையாளருக்கு எழுதும்போதும் இதையே பின்பற்றலாம்: முதல் செய்தியில் 'உஸ்தாத்' போட்டுப் பெயர், பிறகு அவர் எப்படி எழுதுகிறாரோ அப்படி.

உங்கள் வீட்டுப் பிள்ளை விமானம் ஏறப்போகிறான் என்றால் அம்மி, ஃகாலா, உஃக்தி, உஸ்தாத் ஆகிய நான்கையும் முதலில் சொல்லிக்கொடுங்கள். 'ஹபீபி'யை அங்குள்ளவர்கள் முதலில் சொல்லட்டும்.