மெர்ச்சண்டைசர் மாறும்போது

திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனங்களில் வெளிநாட்டு பையருக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே நிற்பவர் மெர்ச்சண்டைசர். சாம்பிள் அனுப்புவது, நிறத்துக்கு ஒப்புதல் வாங்குவது, பட்டன் முதல் லேபிள் வரை உறுதி செய்வது, கப்பலேறும் நாள்வரை ஆர்டரைத் துரத்துவது எல்லாம் அவர் வேலை. பையர் முதலாளியோடு ஆண்டுக்கு இரண்டொரு முறை பேசினால் அதிகம். மெர்ச்சண்டைசரோடு தினமும் பேசுகிறார். அதனால் மெர்ச்சண்டைசர் வேலையை விட்டுப் போகும்போது, பையருடைய கண்ணில் அந்த நிறுவனத்தின் முகமே மாறிவிடுகிறது.

அந்த மாற்றத்தைப் பெரும்பாலும் நான்கு வரி மின்னஞ்சலில் முடித்துவிடுகிறார்கள்: இன்னார் விலகிவிட்டார், இனி இன்னாரைத் தொடர்பு கொள்ளவும். இதைப் படிக்கும் பையருக்கு முதலில் எழும் கேள்வி புதியவர் யார் என்பதல்ல, தன் ஆர்டர் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான். அதற்கு அந்த நான்கு வரியில் பதில் இல்லை. பதில் வேண்டுமென்றால், அறிவிப்பை எழுதுவதற்கு முன்பே நிறுவனத்துக்குள் ஒரு வேலை நடந்திருக்க வேண்டும்.

ஓர் ஆர்டரைப் பற்றிய செய்திகளில் பாதி கோப்பில் இருக்கும், மீதி மெர்ச்சண்டைசரின் நினைவில் இருக்கும். டெக் பேக், அளவுப் பட்டியல், ஒப்புதல் மின்னஞ்சல்கள் எல்லாம் கோப்பில் கிடைத்துவிடும். “போன தடவை வந்த நீலத்தைவிட ஒரு மயிர் அடர்த்தியாக இருந்தாலும் பரவாயில்லை” என்று பையர் தொலைபேசியில் சொன்னது எங்கும் எழுதப்பட்டிருக்காது. கழுத்து அகலத்தை அடுத்த சாம்பிளில் அரை சென்டிமீட்டர் கூட்டித் தருவதாக மெர்ச்சண்டைசர் ஒப்புக்கொண்டது வாட்ஸ்அப் குரல் பதிவில் மட்டும் இருக்கலாம். கைமாறும்போது தொலைந்துபோவது இந்த வாய்ச்சொல்தான். இரண்டு மாதம் கழித்துத் துணி வெட்டியபிறகு அது தகராறாகத் திரும்பி வரும்.

ஆகவே முதல் வேலை, விலகுபவரும் புதியவரும் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு ஆர்டராகக் கோப்பைத் திறப்பது. கணினியில் பார்ப்பதோடு நின்றுவிடக் கூடாது. பையர் கையெழுத்திட்ட நிறத் துண்டு, சீல் வைத்த சாம்பிள், நூல், பட்டன், லேபிள் எல்லாம் ஒட்டிய டிரிம் கார்டு ஆகியவற்றைப் புதியவர் கையில் எடுத்துப் பார்த்து, எந்த அலமாரியில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். நிறத் துண்டின் புகைப்படம் போதாது; திரைக்குத் திரை நிறம் மாறும். அதற்குப் பிறகு விலகுபவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: “இந்த ஆர்டரில் எழுத்தில் இல்லாமல் நீங்கள் சொன்னது என்ன, பையர் சொன்னது என்ன?” இதற்குக் கிடைக்கும் பதில்களை ஆர்டர் வாரியாக எழுதினால் ஒரு பக்கம் வரும். மொத்தக் கைமாற்றத்திலும் அதிக மதிப்புள்ள தாள் அதுதான்.

ஒரு சூழலை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியில் உள்ள ஒரு பையருக்கு மூன்று ஆர்டர்கள் ஓடுகின்றன. முதலாவது 18,000 டி-ஷர்ட். பேக்கிங் நடக்கிறது, பத்து நாளில் ஃபைனல் இன்ஸ்பெக்ஷன் முடிந்து தூத்துக்குடிக்கு லாரி ஏற வேண்டும். இரண்டாவது 24,000 குழந்தைகள் டி-ஷர்ட். லேப் டிப் ஒப்புதலாகி, நீலத் துணி டையிங்கில் இருக்கிறது. மூன்றாவது புது ஸ்டைல். ஃபிட் சாம்பிள் போய், பையரின் திருத்தங்கள் வந்திருக்கின்றன. மெர்ச்சண்டைசர் 30 நாள் நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்.

மூன்றையும் ஒரே நாளில் புதியவரிடம் ஒப்படைப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. முதல் ஆர்டர் கரை சேரப்போகிறது. பத்து நாளுக்காக அதில் கை மாற்றினால் பேக்கிங் லிஸ்ட், கார்ட்டன் மார்க்கிங் போன்ற சின்ன விஷயங்களில் பிழை விழும். அதைப் பழையவரே முடித்துவிட்டுப் போவது நல்லது. மூன்றாவது ஆர்டர் தொடக்க நிலையில் இருப்பதால், முதல் நாளிலிருந்தே புதியவர் கைக்குப் போகலாம். அடுத்த சாம்பிளை அவரே செய்து அனுப்பினால், அந்த ஸ்டைலைப் பையரும் அவரும் சேர்ந்து வளர்த்ததாகிவிடும். சிக்கலானது நடுவில் இருக்கும் இரண்டாவது ஆர்டர். டையிங் முடிந்து மொத்தத் துணியின் நிறத்துக்கு ஒப்புதல் கிடைக்கும்வரை இருவரும் சேர்ந்து கவனித்து, ஒப்புதல் வந்த நாளில் கை மாற்றுவது பாதுகாப்பு. நிறத்தைப் பார்க்கும்போது இருவரும் லைட் பாக்ஸின் முன் ஒன்றாக நிற்க வேண்டும். பகல் வெளிச்சத்துக்கான D65 விளக்கில் ஒத்துப்போகும் துணி, கடை வெளிச்சத்துக்கான TL84 விளக்கில் வேறாகத் தெரியலாம். இந்தப் பையர் எந்த விளக்கை முதன்மையாகக் கொள்கிறார் என்பதைப் பழையவர் காட்டிக்கொடுக்கும் இடம் அதுதான்.

இத்தனையும் முடிவான பிறகே பையருக்குச் செய்தி போக வேண்டும். ஆனால் தாமதிக்கவும் முடியாது. திருப்பூர் சின்ன ஊர். டையிங் யூனிட்டிலும் பிரிண்டிங் பட்டறையிலும் செய்தி பரவி, பையிங் ஆபீஸ் வழியாகப் பையர் காதுக்கு முதலில் போய்ச் சேர்ந்துவிட்டால் நிறுவனம் எதையோ மறைத்ததுபோல் ஆகிவிடும். நோட்டீஸ் கொடுத்த முதல் வாரத்துக்குள் உள்வேலையை முடித்து அறிவித்துவிடுவது சரியான அளவு.

பெரிய பையருக்கு முதலில் தொலைபேசி, பிறகுதான் கடிதம். பேசுபவர் மெர்ச்சண்டைசிங் மேனேஜராகவோ உரிமையாளராகவோ இருக்க வேண்டும். ஜெர்மனியில் கோடைகாலத்தில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பின்னால் ஓடுகிறது கடிகாரம். இங்கே பிற்பகல் ஒன்றரை, இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் அங்கே வேலை தொடங்கியிருக்கும். வெள்ளிக்கிழமை கூப்பிடுவதைத் தவிர்க்கலாம். செய்தியைக் கேட்ட பையர் இரண்டு நாள் விடுமுறையில் பதிலின்றிக் கவலையோடு இருக்க நேரும். அந்தத் தொலைபேசிக்குப் பின் அதே நாளில் கடிதம் போக வேண்டும். ஆங்கிலத்தில் போகும் அந்தக் கடிதத்தின் பொருள் தமிழில் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“உங்கள் ஆர்டர்களைக் கவனித்துவந்த எங்கள் மெர்ச்சண்டைசர் இந்த மாதம் 30-ஆம் தேதியோடு விலகுகிறார். மூன்று ஆண்டுகளாகக் குழந்தைகள் ஆடைப் பிரிவைக் கவனித்துவரும் எங்கள் சக ஊழியர் இனி உங்கள் ஆர்டர்களைப் பார்த்துக்கொள்வார். முதல் ஆர்டரைத் தற்போதையவரே கப்பலேற்றுவார். இரண்டாவது ஆர்டரில் மொத்தத் துணியின் நிற ஒப்புதல்வரை இருவரும் இருப்பார்கள். மூன்றாவது ஆர்டருக்கு இன்றிலிருந்து புதியவரே பொறுப்பு. திருத்திய சாம்பிள் 14-ஆம் தேதி கூரியரில் கிளம்பும். கப்பல் தேதிகளில் எந்த மாற்றமும் இல்லை. வாய்மொழியாகப் பேசிய விவரங்களை இணைப்பில் எழுதியிருக்கிறோம். எங்கள் புரிதல் சரிதானா என்று பார்த்துச் சொல்லுங்கள். எங்கள் வங்கிக் கணக்கில் மாற்றம் இல்லை.”

இதில் விலகலுக்கான காரணம் இல்லை. சம்பளமோ, சண்டையோ, வேறு கம்பெனியோ, அது பையருக்குத் தேவையற்றது. பழையவரைக் குறைத்து ஒரு சொல் சொன்னாலும், அத்தனை நாள் அவர் சொன்னதை நம்பிய பையருக்குத் தன் பழைய ஒப்புதல்கள்மீதே சந்தேகம் வரும். புதியவரைப் பற்றி எழுதும்போதும் திறமைசாலி, அனுபவசாலி என்ற பொதுச் சொற்களால் பயனில்லை. எந்த வகை ஆடையை எத்தனை ஆண்டு கையாண்டார் என்ற ஒரு வரி போதும்.

வாய்மொழி விவரங்களை எழுதி உறுதி கேட்கும் இணைப்பை ஒரே தடவையில் அனுப்ப வேண்டும். தினம் ஒரு கேள்வியாகக் கேட்டால், இவர்களிடம் எதுவும் பதிவில் இல்லை என்று பையர் முடிவு கட்டிவிடுவார். பையர் மறுக்கும் விஷயமும் அதில் இருக்கக்கூடும். நீலம் சற்று அடர்த்தியாக இருக்கலாம் என்று தான் சொல்லவே இல்லை என்பார். துணி டையிங்கில் இருக்கும்போதே அந்த மறுப்பு கிடைப்பது லாபம். ஷேடைத் திருத்த அப்போது இன்னும் வழி உண்டு. தைத்து முடித்த 24,000 சட்டையில் இல்லை.

வங்கிக் கணக்கு பற்றிய வரி சம்பந்தமில்லாததுபோல் தோன்றலாம். ஏற்றுமதியாளரின் மின்னஞ்சலுக்குள் நுழைந்தோ, அதேபோன்ற முகவரி ஒன்றை உருவாக்கியோ, “கணக்கு மாறிவிட்டது, பணத்தை இங்கே அனுப்புங்கள்” என்று பையருக்கு எழுதிப் பணத்தைப் பறிக்கும் மோசடி உலகெங்கும் நடக்கிறது. ஆள் மாறும் நேரம் அதற்குத் தோதானது, ஏனென்றால் புதிய பெயரிலிருந்து வரும் கடிதத்தைப் பையர் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார். அதனால்தான் முதல் அறிவிப்பு பையருக்கு ஏற்கெனவே தெரிந்த மேனேஜரின் முகவரியிலிருந்து போக வேண்டும், புதியவரின் முகவரியிலிருந்து அல்ல.

பழைய மின்னஞ்சல் பெட்டியை ஆள் போன மறுநாளே அழித்துவிடுவது இன்னொரு தவறு. பையர் தரப்பில் தரக்கட்டுப்பாடு, கணக்கு, லாஜிஸ்டிக்ஸ் என்று பலர் அந்த முகவரியைச் சேமித்து வைத்திருப்பார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அறிவிப்பு போயிருக்காது. ஒரு சீசன் முடியும்வரையாவது அந்தப் பெட்டிக்கு வருவது புதியவருக்கும் மேனேஜருக்கும் போய்ச்சேர வேண்டும். வாட்ஸ்அப் எண் நிறுவனத்துடையதாக இருந்தால் சிக்கலில்லை. சொந்த எண்ணாக இருந்தால் பேச்சு முழுவதும் அவரோடு போய்விடும். போகும் முன் தேவையானவற்றை எடுத்துப் பதிவு செய்வதைத் தவிர வழி கிடையாது.

உள்ளூரிலும் சொல்ல வேண்டியவர்கள் உண்டு. டையிங் மாஸ்டர், பிரிண்டிங், எம்ப்ராய்டரி ஜாப் ஒர்க் யூனிட்டுகள், லேபிள் சப்ளையர், ஃபார்வர்டர் என எல்லாரும் பழையவரின் குரலுக்குப் பழகியவர்கள். புதியவரை நேரில் அழைத்துப்போய் ஒரு சுற்று அறிமுகம் செய்யாவிட்டால், அவர் துணியைக் கேட்கும்போது வரிசையில் கடைசியில் நிற்பார். அந்தத் தாமதம் பையரிடம்தான் போய் முடியும்.

நோட்டீஸ் இல்லாமல் ஒருவர் திடீரென நின்றுவிட்டால் திட்டம் மாறும். அன்றைக்கே பையருக்குச் சொல்லிவிட வேண்டும். அதில் தயாராகாத ஒருவரின் பெயரை அவசரத்துக்குப் போடுவது கூடாது; ஒரு மாதத்தில் அவரும் மாறினால் இரண்டாவது அறிவிப்பை யாரும் நம்ப மாட்டார்கள். தற்காலிகமாக மேனேஜரே பொறுப்பு என்று எழுதி, நிரந்தரப் பெயரைப் பிறகு சொல்லலாம். அப்போது வாய்ச்சொல் பட்டியலைப் பையரிடமே கேட்டு எழுத வேண்டிவரும். சங்கடம்தான், ஆனாலும் நேர்மையாகக் கேட்டால் பெரும்பாலான பையர்கள் சொல்லிவிடுவார்கள்.

கைமாற்றம் பிடித்ததா என்பது முதல் மூன்று வாரத்தில் தெரிந்துவிடும். ஏற்கெனவே பதில் சொன்ன கேள்வி மறுபடி வந்தால், பையர் புதியவரை இன்னும் நம்பவில்லை. சின்ன விஷயங்களுக்கும் மேனேஜரை நகலில் சேர்த்தால் அதுவும் அதே அறிகுறி. அப்போது மேனேஜர் தாமே பதில் எழுதத் தொடங்கினால் பழக்கம் அப்படியே நின்றுவிடும். புதியவரை எழுதவிட்டு மேனேஜர் நகலில் இருப்பதே சரி. விடை கையில் இல்லாவிட்டாலும், “டையிங்கில் கேட்டு வியாழக்கிழமை சொல்கிறேன்” என்று புதியவர் அன்றே எழுதி, வியாழக்கிழமை சொல்லவும் வேண்டும். அப்படி இரண்டு மூன்று முறை நடந்தபின் பையர் மேனேஜரை நகலிலிருந்து தாமே விட்டுவிடுவார்.